முதலில் மனையாக வேண்டும், பிறகுதான் கிரையம்

“எட்டு ஆண்டுகளாகக் கத்தாரில் வேலை பார்க்கிறேன், இந்தியக் கடவுச்சீட்டுதான். மனைவியும் மகளும் தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சையில் பதினைந்து சென்ட் விலைக்கு வருகிறது. சென்ட் அறுபதாயிரம் சொல்கிறார்கள். வீடு கட்டத்தான் வாங்குகிறேன். விவசாயி என்று சான்று இருந்தால்தான் வாங்க முடியும் என்கிறார் நண்பர். தரகரோ, விவசாய நிலமாகவே பதிந்துவிடுங்கள், ஆறு மாதத்தில் மனையாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அப்பா பெயரில் வாங்கிப் பிறகு எனக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொள்ளலாமா? அப்பாவுக்கு நத்தத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் புஞ்சை ஏற்கெனவே இருக்கிறது. தங்கைக்கும் பங்கு வரும் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.”
– கத்தாரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பொய்யல்ல. வேறு மாநிலத்துச் சட்டம். மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் அனுமதியின்றி விளைநிலம் வாங்க முடியாது. இமாசலப் பிரதேசத்தில் அம்மாநில விவசாயிக்குத்தான் அந்த உரிமை. கர்நாடகத்திலும் இத்தகைய கட்டுப்பாடு பல பத்தாண்டுகள் இருந்து, 2020-இல்தான் நீக்கப்பட்டது. பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த நினைவில் இங்கும் விவசாயிச் சான்று தேடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இந்தியாவில் வசிக்கும் எந்த இந்தியக் குடிமகனும், ஏர் பிடித்தவராயினும் பிடிக்காதவராயினும், நில உச்சவரம்புக்கு உட்பட்டு விளைநிலம் வாங்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த உச்சவரம்பு 15 தரநிலை ஏக்கர்; பதினைந்து சென்ட் வாங்குபவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று மானியத்துக்கும் கடனுக்கும் உரியது; கிரையத்துக்கு அதைக் கேட்பதில்லை.

உங்களுக்குத் தடை இருக்கிறது. ஆனால் அது சென்னையில் இயற்றிய சட்டத்தால் வந்ததன்று. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன்கீழ் 2019-இல் வந்த விதிகளும் விதித்தது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரில் ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும், இந்தியாவில் வீடு, மனை, கடை எதை வேண்டுமானாலும் ரிசர்வ் வங்கியைக் கேட்காமலே வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் ஆகிய மூன்றை மட்டும் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்பதை நீங்கள் தனியே குறிப்பிட்டிருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. வேலைக்கென்று விமானம் ஏறிய நாளிலிருந்தே நீங்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர். ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பில் வருவதோ, ஊரில் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதோ அதை மாற்றாது. எட்டு ஆண்டுகளுக்கு முன், புறப்படுவதற்கு முதல் வாரத்தில் இதே நஞ்சையை வாங்கியிருந்தால், இன்றும் அதைத் தாராளமாக வைத்திருக்கலாம். இந்தியாவில் வசித்தபோது வாங்கியதையும், வாரிசாக வந்ததையும் வைத்திருக்கச் சட்டமே இடம் தருகிறது.

இப்போது தரகர் சொன்ன வழிக்கு வருகிறேன். அது ஏன் எல்லாவற்றிலும் மோசமான வழி என்பதைப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் மனையாக மாற்றப்பட்ட நிலத்தின் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே மனை அதற்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. உங்களுக்கு வருவது இன்றுவரை வயலாக இருக்கும் நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் பதினைந்து சென்ட்; எனவே அந்த விலக்கு கிடையாது. ‘வீட்டுமனை’ என்று எழுதினால் பத்திரம் மேசையிலேயே நின்றுவிடும். ஆகவே பத்திர எழுத்தர் என்ன செய்வார் என்றால், “நஞ்சை விவசாய நிலம், விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டுமே வாங்கப்படுகிறது, மனையாகப் பிரிக்கப்படவில்லை” என்று ஒரு வரி எழுதுவார். சார்பதிவாளர் பதிந்துவிடுவார். தரகர் தரகுப்பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் அதே பத்திரத்தின் முதல் பக்கத்தில் வாங்குபவர் விவரத்தில் உங்கள் கத்தார் முகவரி இருக்கும், கடவுச்சீட்டு எண் இருக்கும், முகவராகக் கையொப்பமிட்டவரின் பெயர் இருக்கும். வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் விவசாய நிலம் வாங்கினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் அமலாக்கத் துறைக்கும் கிடைக்காது. 22-அ பிரிவிலிருந்து தப்பிக்க எழுதும் வரியே அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறியதற்கு ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுகிறது.

இது கற்பனைப் பயமன்று. என்னிடம் வந்த ஒருவர் வளைகுடாவில் இருந்தபடியே, தம்பிக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, 2013-இல் நாற்பது சென்ட் புஞ்சை வாங்கியிருந்தார். பட்டா மாறியது, வேலி போட்டார், இரண்டு தென்னை வரிசை வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து நிலத்தை விற்று, மகளின் படிப்புச் செலவுக்காகப் பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல வழி கேட்டு வங்கிக்குப் போனபோதுதான் அடி விழுந்தது. சொத்து வாங்கியபோது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டே வாங்கப்பட்டது என்று வங்கி உறுதிமொழி கேட்டது. பட்டயக் கணக்காளர் கிரையப் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சான்று தர மறுத்தார். கடைசியில் இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கே நிலத்தை விற்றுவிட்டு, பிறகு ரிசர்வ் வங்கியிடம் தவறை ஒப்புக்கொண்டு, சமரசத் தொகை செலுத்தி முடித்துக்கொள்ள விண்ணப்பித்தோம். அந்த வரிசை முக்கியம்: மீறலைச் சரிசெய்யாமல், அதாவது நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சமரசம் கேட்க முடியாது. விண்ணப்பித்தபின் 180 நாட்களுக்குள் ஆணை வர வேண்டும்; ஆணை வந்தால் 15 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். சமரசத்துக்குப் போகாமல் வழக்காகிவிட்டால், சட்டம் அனுமதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு. ஒன்பது லட்சத்துக்குப் பதினைந்து சென்ட் வாங்கும் உங்களுக்கு அந்த எல்லை இருபத்தேழு லட்சம். நடைமுறையில் அந்த அளவுக்குப் போவது அரிது என்றாலும், வீடும் கட்டி முடித்தபின் ‘நிலத்தை விற்றுவிட்டு வா’ என்ற நிலை வந்தால் அபராதத்தைவிட அதுதான் வலிக்கும்.

அப்பா பெயரில் வாங்கும் யோசனையில் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது பினாமிச் சட்டம். பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது, பலன் பணம் கொடுத்தவருக்கு என்றால் அது பினாமி. சொத்து பறிமுதலாகும், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும் உண்டு. சில உறவுகளுக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது. மனைவி பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும், கணக்குக் காட்டக்கூடிய வருவாயிலிருந்து வாங்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர் என்றால், பணம் கொடுத்தவர் பெயரும் சேர்ந்து கூட்டு உரிமையாளர்களாக ஆவணத்தில் இருந்தால்தான் விலக்கு. இங்கேதான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்: அப்பா பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்தால் பினாமிச் சட்டத்திலிருந்து தப்பி அந்நியச் செலாவணிச் சட்டத்தில் விழுவீர்கள், உங்கள் பெயரை விட்டுவிட்டால் அந்தச் சட்டத்திலிருந்து தப்பி இந்தச் சட்டத்தில் விழுவீர்கள். “பணத்தை அப்பாவுக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிடுகிறேன், அவர் தமக்கே வாங்கிக்கொள்ளட்டும்” என்றால், அது உண்மையானால், சட்டப்படி சரி. ஆனால் அப்போது நிலம் உண்மையிலேயே அவருடையது. உயில் எழுதாமல் அவர் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களுக்கும் சம பங்கு. அதற்கு நீங்கள் மனத்தளவில் தயாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது இடறல் செட்டில்மென்ட். நம் ஊர்களில் இதில்தான் பெரும்பாலானோர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. சார்பதிவாளரும் பதிந்துவிடுகிறார், ஏனெனில் அந்நியச் செலாவணிச் சட்டத்தைப் பார்ப்பது அவர் வேலை அல்ல. ஆனால் மேற்சொன்ன விதிகள் கிரையத்துக்கு மட்டுமல்லாமல் தானத்துக்கும் இதே விலக்கை வைத்திருக்கின்றன: உறவினரிடமிருந்து தானமாக வீடோ மனையோ பெறலாம், விவசாய நிலம் பெறக் கூடாது. அப்பா உயிரோடு இருக்கும்போது வயலை எழுதிக்கொடுத்தால் மீறல். அவர் காலத்துக்குப் பின் அதே வயல் வாரிசுரிமையில் வந்தால் மீறல் இல்லை. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கூடுதல் எச்சரிக்கை: வாரிசாகப் பெற்ற வயலையும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும், துபாயில் இருக்கும் நண்பருக்கு விற்க முடியாது.

ஆக, உங்களுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு ஒன்றுதான்: நிலம் முதலில் வயல் என்ற நிலையிலிருந்து மாற வேண்டும், அதற்குப் பிறகு உங்கள் பெயருக்கு வர வேண்டும். அந்த மாற்றத்தை யார் செய்வது என்பதில்தான் இனி நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உரிமையாளராக இருப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். அது இப்போதைய நிலச்சொந்தக்காரராக இருக்கலாம். அல்லது இடையில் உங்கள் மனைவியாக இருக்கலாம்.

மனைவி பெயரில் வாங்குவது நான் குறிப்பிட்ட விலக்குக்குள் நேராக வருகிறது. அவர் ஊரிலேயே வசிக்கிறார். ஆகவே வயல் வாங்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. உங்கள் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அவர் கணக்குக்குப் பணம் வந்து, அங்கிருந்து விற்பவர் கணக்குக்குப் போனதற்கான தடயம் மட்டும் சுத்தமாக இருக்கட்டும். ஒரு ரூபாயும் ரொக்கமாகப் போக வேண்டாம். அவர் பெயரிலேயே நிலவகை மாற்றம் வாங்கி, அவர் பெயரிலேயே வீட்டைக் கட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அவரும் மகளும் உங்களோடு கத்தாருக்கு வரப்போகிறார்கள் என்றால், பத்திரப்பதிவு அவர் புறப்படும் முன் முடிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஆனால் இதிலும் நிலம் அவருடையதுதான். ‘உண்மை உரிமையாளர் நானே’ என்று அவரிடம் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிப் பெட்டியில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி ஒரு தாளை என் கட்சிக்காரர் வீட்டில் பார்த்தால் முதல் வேலையாக அதைக் கிழிக்கச் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும், நிலவகை மாற்றம் இந்தக் குறிப்பிட்ட பதினைந்து சென்ட்டுக்குக் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. “ஆறு மாதத்தில்” என்பது தரகர்களின் வாய்ப்பாடு. உங்கள் கிராமம் எந்த நகரத்தின் முழுமைத் திட்டப் பகுதிக்குள்ளும் வராது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வந்தால், அங்கே அந்த சர்வே எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்து மண்டல மாற்றம் கேட்க வேண்டும், அது வேறு பாதை. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. அனுமதி தருவது உள்ளாட்சி அமைப்பு. ஆனால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முன் இசைவு இல்லாமல் அது தர முடியாது. நிலம் நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அவர் வேளாண் இணை இயக்குநரின் கருத்தைக் கேட்பார். புஞ்சைக்கும் நஞ்சைக்கும் நடைமுறையில் உள்ள தூரம் இந்த இடத்தில்தான். புஞ்சைக் கோப்பு மேசை மேசையாக நகரும். நஞ்சைக் கோப்போ வரப்பில் இறங்கி வயலைப் பார்த்துவிட்டுத்தான் நகரும். நான் கையாண்ட நஞ்சைக் கோப்புகளில் ஆறு மாதத்துக்குள் முடிந்தவை மிகக் குறைவு, முடியாமலே போனவையும் உண்டு.

வயலைப் பார்க்க வருபவர் எதைப் பார்ப்பார்? முதலில் தண்ணீரைப் பார்ப்பார். உங்கள் மாவட்டத்தில் நஞ்சை என்றாலே ஏதோ ஒரு வாய்க்காலின் பாசனத்தில் இருப்பது. நீங்கள் வாங்கப்போகும் துண்டு வழியாகவோ ஓரமாகவோ கீழ்மடைக்குத் தண்ணீர் போகிறதா என்பது தலையாய கேள்வி. இதை நீங்கள் வீட்டிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டாவும், ‘அ’ பதிவேட்டு விவரமும், புல வரைபடமும் கிடைக்கும். புல வரைபடத்தை அச்செடுத்துத் தரகர் கொடுத்த மனை வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலையை ஒட்டி இரண்டு மெல்லிய கோடுகள் இணையாக ஓடி, அந்தப் பட்டைக்குத் தனி உட்பிரிவு எண் இருந்தால், ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். அரசுப் புறம்போக்கு, வாய்க்கால் என்று இருக்கக்கூடும். தரகரின் வரைபடத்தில் அதே பட்டை ‘பாதை’ என்ற பெயரில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் சாலைக்கும் உங்கள் துண்டுக்கும் நடுவில் அரசு நிலம் கிடக்கிறது. சாலையோர விலை கொடுத்து நீங்கள் வாங்குவது சாலைமுகப்பு இல்லாத வயல். வாய்க்காலைத் தூர்த்துக் குழாய் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்; நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில் நீதிமன்றங்கள் இரக்கம் காட்டுவதில்லை.

அடுத்து அக்கம்பக்கம். துண்டின் இரண்டு பக்கமும் ஏற்கெனவே வீடுகள் வந்து, வயல் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு நல்லது. நாலா பக்கமும் நெல் நிற்கும் இடத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டி மனையாக்கக் கேட்டால் வேளாண் துறை எளிதில் தலையாட்டாது. அடங்கலில் அண்மைப் பசலிகளில் குறுவையும் சம்பாவும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், ‘பாசனம் இல்லை, பயிர் வைப்பதில்லை’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது நகைப்புக்கு இடமாகும்.

உங்கள் மாவட்டத்தில் வேறொரு பேச்சும் அடிபடும்: 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதால் இனி டெல்டாவில் வயலில் வீடே கட்ட முடியாது என்பார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, தாமிர உருக்காலை போன்ற பட்டியலிட்ட தொழில்களை. தனி வீட்டை அன்று. உங்கள் வீட்டுக்கு முட்டுக்கட்டை வந்தால் அது 2017 விதிகளின் வழியாகத்தான் வரும்.

நிலவகை மாற்றம் கிடைத்தபின்னும் வேலை முடிந்துவிடாது. ஒரு ஏக்கர் இருபது சென்ட்டிலிருந்து ஒரு துண்டைப் பிரிப்பதால் தனிமனை அங்கீகாரம் வாங்க வேண்டும். அந்த அங்கீகார எண்ணைச் சொத்து விவரத்தில் எழுதினால்தான் 22-அ பிரிவின் தடை விலகும். அதற்குப் பிறகு உங்கள் பெயருக்குக் கிரையம். அதற்கும் பிறகு ஊராட்சியின் கட்டட அனுமதி. பட்டாவில் மட்டும் ‘நஞ்சை’ என்ற சொல் அதன்பிறகும் நெடுநாள் அப்படியே கிடக்கும். அங்கீகரித்த மனைப்பிரிவுகளிலேயே பட்டாவில் ‘புஞ்சை’ என்று நிற்பதைக் காணலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் எதிர்காலத்தில் வங்கி கேட்கும்போது காட்ட வேண்டியவை நிலவகை மாற்ற ஆணையும் அங்கீகார வரைபடமும் என்பதால், அந்த இரண்டு தாள்களின் தேதியும் உங்கள் கிரையத் தேதிக்கு முந்தையவையாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு நாள் பின்னால் இருந்தாலும் நீங்கள் வாங்கியது வயல்தான்.

விற்பவரே மாற்றித் தரட்டும் என்று முடிவு செய்தால், அவரை அதுவரை கட்டிவைக்க ஒரு கிரைய ஒப்பந்தம் தேவைப்படும். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தம் மட்டுமே நிலத்தில் உரிமை எதையும் உண்டாக்குவதில்லை என்று சொத்து மாற்றச் சட்டம் சொல்வதால் அது நிலம் வாங்கியதாகாது; ஆனாலும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, நிலத்தின் அனுபோகத்தையும் எடுத்துக்கொண்டு, ரத்துசெய்ய முடியாத அதிகாரப் பத்திரமும் வாங்கிவிட்டால், அதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைப்பதால் பயனில்லை. உங்கள் நிலையில் நான் எழுதக்கூடிய ஒப்பந்தம் இப்படி இருக்கும்: மொத்த விலை ஒன்பது லட்சம், முன்பணம் ஐம்பதாயிரம், உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து, வழக்கமான மூன்று மாதக் கெடுவுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதம், நிலவகை மாற்றமும் தனிமனை அங்கீகாரமும் விற்பவர் பெயரில் கிடைப்பது கிரையத்துக்கு முன்நிபந்தனை, கிடைக்காவிட்டால் முப்பது நாளில் முன்பணம் திரும்ப வேண்டும், விண்ணப்பக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு வரி. அந்தக் கட்டணத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால்தான் விற்பவர் பெரும்பாலும் சம்மதிப்பார். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கிரையத்தன்று முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒன்பது லட்சத்துக்கு 81,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. மனையாகிவிட்ட நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு ஏக்கர் கணக்கில் இருக்காது, சதுர அடிக் கணக்கில் இருக்கும் என்பதையும் (பதினைந்து சென்ட் என்பது 6,534 சதுர அடி) முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சிலருக்கு அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கிறது.

வாங்கத் தடை உள்ள வேறு வகை நிலங்களும் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் ஊராருக்குத் தெரிந்திருந்தும் வெளியில் சொல்லமாட்டார்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்களை அந்த வகுப்பினர் அல்லாதவர் வாங்க முடியாது. எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் பதிவாகியிருந்தாலும் அந்தக் குறை தீர்வதில்லை. இப்போதைய பட்டாவில் அதற்கு அடையாளம் இல்லாமல் போகலாம். வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை எடுத்து, அந்த சர்வே எண் முதலில் யார் பெயரில், என்ன நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்டது என்று பார்ப்பதே வழி. tnreginet.gov.in தளத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்றிதழில் இது தெரியாது.

இவ்வளவும் எழுதியபின் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத் திரும்புகிறேன். என்னைக் கேட்டால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சாலையோர நஞ்சையை அன்று, நத்தத்தை ஒட்டிய அப்பாவின் புஞ்சையை. அது புஞ்சை, ஊரை ஒட்டியது, வாய்க்கால் சிக்கல் இருக்க வாய்ப்புக் குறைவு. நிலவகை மாற்றம் கேட்க அதைவிட வசதியான இடம் அமையாது. அப்பா தம் பெயரிலேயே அதில் பதினைந்து சென்ட்டுக்கு மாற்றமும் அங்கீகாரமும் வாங்கிவிட்டால், அந்தப் பதினைந்து சென்ட் அதன்பின் மனை. மனையை மகனுக்குத் தான செட்டில்மென்டாக எழுதிக்கொடுக்க எந்த விதியும் குறுக்கே நிற்காது. மீதி அறுபது சென்ட் புஞ்சையாகவே அப்பாவிடம் இருக்கட்டும். ஒன்பது லட்சம் உங்கள் கையில் மிஞ்சும்.

தங்கையின் பங்கு என்பது, நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. அவர் தம் உழைப்பில் வாங்கியதானால் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அவர் விருப்பம். சட்டப்படி யாருடைய கையொப்பமும் தேவையில்லை. பூர்விகச் சொத்தானால், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகளும் பிறப்பாலேயே பங்காளி. அவரை விட்டுவிட்டு எழுதிய செட்டில்மென்ட் பின்னால் பாகவழக்கில் போய் நிற்கும். அப்படியானால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, மாற்றம் கேட்கப்போகும் துண்டை அப்பாவின் பங்கில் விழச்செய்து, தங்கைக்கு உரியதைச் சாலைப்பக்கமாகவே ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமிராது. ஊரில் யாரும் பேசாத அந்த விஷயத்தைப் பேச வேண்டியவர் நீங்கள்தான்; அதை விடுப்பில் வரும்போது நேரில் பேசுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

சாலையோர நிலத்துக்கு டோக்கன் அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால், அது யார் பெயரில், எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். ரசீதில் ‘விவசாய நிலக் கிரையத்துக்காக’ என்று உங்கள் பெயரில் எழுதியிருந்தால், அடுத்த தவணை கொடுக்கும் முன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.